வியாழக்கிழமைப் பணம்

திருவண்ணாமலையில் விடுதியும் உணவகமும் நடத்துகிற எந்த நடுத்தர நிறுவனத்துக்குப் போனாலும், கணக்கர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடக்கும். அரிசி போட்டவர், மளிகை போட்டவர், பாக்குமட்டைத் தட்டு போட்டவர், சலவைக்காரர், மின்வேலை பார்த்தவர் என எல்லாரும் ஏதோ ஒரு நாள் அதில் உட்கார்ந்தவர்கள்தான். அங்கே நடக்கும் உரையாடலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

"அண்ணே, செக் ரெடியா?"

"எழுதி வச்சாச்சு. மொதலாளி சென்னை போயிருக்காரு. கையெழுத்து ஆனதும் போன் பண்றேன்."

இந்த பெஞ்சைக் காலி செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கடிதம் இப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. இனிக் காசோலை கிடையாது; வாரத்தில் ஒரே நாள், பெரும்பாலும் வியாழன் அல்லது வெள்ளி, வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் வரும்; அதற்காக வங்கி விவரங்களை உடனே அனுப்பவும். இதுதான் சாரம். மேலோட்டமாகப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. போளூர் சாலையிலிருந்து பஸ் ஏறி வரவேண்டாம், செக் திரும்பி வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கடிதம் இரண்டு மாற்றங்களை ஒன்றாகக் கட்டி அனுப்புகிறது. பணம் போகும் வழி மாறுவது ஒன்று. பணம் போகும் நாளை நிறுவனம் தானே நிர்ணயித்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதைப் பற்றித்தான் கடிதம் நிறையப் பேசுகிறது. சப்ளையரின் தொழிலைத் தொடுவது இரண்டாவதுதான்.

வழியை முதலில் பார்த்துவிடலாம். ஆன்லைன் பணத்துக்குச் சொல்லப்படும் முதல் காரணம் வேகம். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் வசதி ஆண்டு முழுவதும் இரவு பகலாக, அரை மணிக்கு ஒரு தொகுப்பு என்று ஓடுகிறது. இரண்டு லட்சத்துக்கும் அதற்கு மேலும் அனுப்ப உதவும் ஆர்டிஜிஎஸ் ஓராண்டு கழித்து, 2020 டிசம்பர் 14 முதல் இரவு பகலாக ஓடத் தொடங்கியது. இதை வைத்து, செக் போட்டால் இரண்டு நாள் ஆகும், இதில் அரை மணி என்று கடிதங்கள் சொல்கின்றன. அந்த வாதத்தின் பாதி உயிர் 2025 அக்டோபர் 4 அன்றே போய்விட்டது. அன்று முதல் காசோலைகளைத் தொகுதி தொகுதியாக அல்லாமல் தொடர்ச்சியாகத் தீர்க்கும் முறையை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. காலை 10 முதல் மாலை 4 வரை காசோலையின் படம் உடனுக்குடன் போகும்; பணம் தரவேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும்; சொல்லாமல் விட்டால் சரி என்றே கொள்ளப்படும். ஆகவே வேகம் என்ற ஒன்றுக்காக மட்டும் செக்கைக் கைவிட இன்று பெரிய அவசியமில்லை. பணம் தாமதமானது ஒருநாளும் வங்கியில் மட்டும் இல்லை, அது முதலாளியின் மேசை இழுப்பறையில்தான் அதிகம் இருந்தது.

அரசாங்கமே இதற்குச் சாட்சி. மத்திய அரசு 2012 ஏப்ரல் முதல், சப்ளையர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் 25,000 ரூபாய்க்கு மேல் தரும் பணத்தை மின்னணு வழியில்தான் தரவேண்டும் என்று ஆக்கியது. 2016 இறுதியில் அந்த வரம்பு 5,000 ரூபாயாக இறங்கியது. செக் எழுதும் வேலை ஏறக்குறைய ஒழிந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 2017 அக்டோபரில், குறு சிறு நிறுவனங்கள் தங்களுக்கு வராத பாக்கியைப் பதிவுசெய்ய 'சமாதான்' என்று ஓர் இணையதளத்தை அதே அரசு திறக்க வேண்டியிருந்தது. பாக்கி வைத்தவர்கள் பட்டியலில் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் உண்டு. வழி மாறினால் தாமதம் தானாக ஒழியும் என்பது சரியானால், அந்தத் தளத்துக்கு வேலையே இருந்திருக்காது.

சரி, செக் போவதால் சப்ளையர் எதை இழக்கிறார்? இதைக் கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும். அலைச்சலை இழக்கிறார், வேறென்ன? ஆனால் களம்பூரிலோ ஆரணியிலோ அரிசி ஆலை வைத்திருப்பவரிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். அவர் கடனுக்குச் சரக்கு இறக்கும்போது, 30 நாளோ 45 நாளோ தள்ளித் தேதி போட்ட செக்கை வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொள்வது வழக்கம். அந்தத் தாள் பணம் அல்ல. ஆனாலும் வெறும் தாளும் அல்ல. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது முதல், பணமில்லாமல் திரும்பும் செக் குற்றவியல் வழக்கு. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. இரண்டாண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பணம் வாங்க வேண்டியவரின் கணக்கு இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அதாவது திருவண்ணாமலை வாடிக்கையாளர் மீது ஆரணியிலிருந்தே நடவடிக்கை எடுக்கலாம்.

இதைப் பெரிய ஆயுதம் என்று ஊதிப் பெருக்கவும் கூடாது. 2019 இறுதியில் இந்தப் பிரிவில் மட்டும் சுமார் 35 லட்சம் வழக்குகள் தேங்கிக் கிடந்ததை உச்ச நீதிமன்றமே 2021-இல் எடுத்துச் சொன்னது. கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்காகும். ஆனால் அந்தச் செக்கின் வேலை கோர்ட்டில் இல்லை. "செவ்வாய்க்கிழமை செக்கைப் போடுறேன்" என்று ஒரு போன் செய்ய முடிவதில்தான் இருக்கிறது. தேதி வந்துவிட்டால், பணம் வைப்பது சரக்கு வாங்கியவரின் கவலை ஆகிவிடுகிறது.

ஆன்லைனில் இது தலைகீழ். பொத்தானை அழுத்த வேண்டியவர் அழுத்தவில்லை என்றால், திரும்பி வர எதுவுமே இல்லை. 2007-ஆம் ஆண்டின் பணம்செலுத்தல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தில் 25-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மாதத் தவணை போல முன்கூட்டியே எழுதிக்கொடுத்த மின்னணு ஆணை பணமில்லாமல் திரும்பினால் அதுவும் செக் மாதிரியே குற்றம். ஆனால் 'வியாழக்கிழமை அனுப்புகிறோம்' என்ற கடிதம் அப்படிப்பட்ட ஆணை அல்ல. நேற்றுவரை சப்ளையரின் இழுப்பறையில் இருந்த வாக்குறுதி இன்று வாங்குபவரின் கணினிக்குள் போய்விட்டது. இந்த இடமாற்றத்தைப் பற்றிக் கடிதம் வாய் திறப்பதில்லை. அதற்குப் பதிலாக எதையாவது தருகிறதா என்பதே அந்தக் கடிதத்தை எடைபோட வேண்டிய தராசு.

தரக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது: எழுத்தில் ஒரு கெடு நாள். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், பணம் தரச் சொல்கிறது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 2025 டிசம்பரில் அந்த விகிதம் 5.50 சதவீதம், ஆக வட்டி 16.5 சதவீதம். உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான் இந்தப் பாதுகாப்பு. வாங்கி விற்கும் வியாபாரி உத்யம் சான்றிதழ் வைத்திருந்தாலும் இந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது என்பதே பொதுவான நிலை. அரிசி ஆலைக்கு உண்டு, அதே அரிசியை வாங்கி விற்கும் மண்டிக்கு இல்லை.

இப்போது வாரம் ஒருநாள் என்ற இரண்டாவது மாற்றம் இந்தக் கெடுவோடு எப்படி மோதுகிறது என்று ஒரு மாதிரிக் கணக்கை வைத்துப் பார்க்கலாம். களம்பூர் ஆலை ஒன்று 2025 பிப்ரவரி 12, புதன்கிழமை, திருவண்ணாமலை உணவகம் ஒன்றுக்கு இரண்டு லட்சம் ரூபாய் அரிசி இறக்குகிறது. அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். எழுத்தில் 45 நாள் கெடு இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் கெடு மார்ச் 29, சனிக்கிழமை விழுகிறது. உணவகத்தின் பணநாள் வியாழன். கணக்கர் பட்டியலைத் திறக்கும் மார்ச் 27 வியாழனன்று அந்த பில் இன்னும் கெடு தாண்டவில்லை. "இன்னும் ரெண்டு நாள் இருக்கே, அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்று விட்டுவிடுகிறார். அடுத்த வியாழன் ஏப்ரல் 3.

ஐந்து நாள் தாமதம். வட்டி எந்த விகிதத்தில் போட்டாலும் சில நூறு ரூபாய்தான். களம்பூர்க்காரர் அதைக் கேட்கவும் மாட்டார், அடுத்த ஆர்டர் போய்விடும். ஆனால் நடுவில் மார்ச் 31 கடந்துவிட்டது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 2023 நிதிச் சட்டம் சேர்த்த 43பி(எச்) பிரிவின்படி, 15-ஆம் பிரிவின் கெடுவைத் தாண்டிய பாக்கியைச் செலவாகக் கழிப்பது பணம் உண்மையில் கொடுத்த ஆண்டில்தான். மற்ற செலவினங்களுக்குக் கிடைக்கும், கணக்குத் தாக்கல் செய்யும் தேதிவரையான சலுகை இதற்குக் கிடையாது. ஆக, அந்த இரண்டு லட்சம் 2024-25 செலவில் சேராது. முப்பது சதவீத வரி கட்டும் கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால், மேல்வரியை விட்டுவிட்டாலும், 60,000 ரூபாய் வரி ஓராண்டு முன்னதாகவே கையைவிட்டுப் போகிறது. ஒரு வியாழனைத் தள்ளிப்போட்டதன் விலை இது. மார்ச் 27 அன்றே அனுப்பியிருந்தால் ஒரு பைசா நஷ்டமில்லை.

இதிலிருந்து தெரிவது ஒன்று. வாரப் பணநாள் வைத்தால், கெடு முடிந்தபின் வரும் முதல் வியாழன் என்று விதி இருக்கக் கூடாது. கெடுவுக்கு முந்தைய கடைசி வியாழன் என்று இருக்க வேண்டும். மேற்படி கணக்கில் 45 நாள் என்பது உண்மையில் 43 நாளாகிறது. சில பில்களுக்கு 39 நாள்கூட ஆகும். இந்த வித்தியாசத்தை நிறுவனம் விழுங்கத் தயாராக இல்லை என்றால், வாரப் பணநாள் என்பது கெடுவை ஆறு நாள்வரை சத்தமில்லாமல் நீட்டிக்கொள்ளும் வழியாகவே முடியும். 'கெடு முடிந்தபின் வரும் பணநாளில் வழங்கப்படும்' என்ற வரி சப்ளையருக்கு வரும் கடிதத்தில் இருந்தால், அவர் அந்த வரிக்கு அடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, திரும்பக் கேட்பதில் தவறே இல்லை.

தாமதம் ஒளிந்துகொள்ளும் இன்னொரு மூலை, கட்-ஆஃப் நேரம். திங்கள் மாலை 5 மணிக்குள் வந்து சேர்ந்து சரிபார்க்கப்பட்ட பில்களுக்கே அந்த வார வியாழன் பணம் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் மதியம் வந்த பில்லுக்கு மூன்றே நாள். செவ்வாய்க் காலை வந்த பில்லுக்கு ஒன்பது நாள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். சிக்கல் 'சரிபார்க்கப்பட்ட' என்ற சொல்லில் இருக்கிறது. செக் இருந்த காலத்தில் முட்டுக்கட்டை முதலாளியின் பேனா. இப்போது அது ஸ்டோர் பையனின் கணினிக்கு நகர்ந்துவிட்டது. சரக்கு வந்த பதிவை அவன் போடாத வரை, பில் கணக்கருக்குத் தெரியவே தெரியாது. "உங்க பில்லே எங்க லிஸ்ட்ல இல்லையே" என்று சொல்லிவிடலாம், பொய்யும் இல்லை.

சட்டம் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். ஸ்டோரில் பதிவு எப்போது போட்டார்கள் என்பது கணக்கில்லை. ஆகவே சப்ளையருக்கு வேண்டியது, டெலிவரி சலான் நகலில் தேதியோடு ஒரு முத்திரை. பணம் இனி வங்கி வழியாக வருகிறது என்பதால் நேரில் போவது குறைந்துவிடும்; சரக்கோடு போகும் டிரைவர் அந்த முத்திரையை வாங்காமல் திரும்பினால், பிறகு அதை வாங்க யாரும் போகப்போவதில்லை.

இந்த ஊரின் நாள்காட்டியை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். வாரம் என்ற அளவு திருவண்ணாமலை வியாபாரத்துக்கு இயல்பான அளவு அல்ல. இங்கே விற்பனை ஏறி இறங்குவது பௌர்ணமியை வைத்து. ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாளுக்கு ஒரு தடவை. அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை தீபம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு, பணம் கூட்டத்துக்கு முன்னால் கையில் இருந்தால்தான் சரக்கு எடுக்க முடியும். 2025-இல் கொடியேற்றம் நவம்பர் 24, திங்கள். மகா தீபம் டிசம்பர் 3, புதன். மேலே சொன்ன கட்-ஆஃப் விதியைப் பொருத்திப் பாருங்கள். கொடியேற்றத்தன்று மாலை 5 மணியைத் தவறவிட்ட பில்லுக்குப் பணம் டிசம்பர் 4. மலையுச்சியில் தீபம் ஏற்றிய மறுநாள். அந்தப் பணத்தை வைத்துத் தீபத்துக்கு ஒரு மூட்டை சர்க்கரைகூட வாங்கியிருக்க முடியாது. செக் முறையில், கணக்கரைக் கெஞ்சியாவது நவம்பர் 28-க்கு ஒன்று வாங்கியிருக்கலாம். ஒழுங்கு என்பது கெஞ்சலை ஒழிக்கிறது. கூடவே அவசரத்துக்கு வளைந்து கொடுப்பதையும் ஒழிக்கிறது. இந்த ஊரில் இந்தக் கடிதம் அனுப்புகிறவர், பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் முந்தைய வாரங்களில் கூடுதலாக ஒரு பணநாள் என்று முன்பே தேதி போட்டு எழுதிவிட்டால் பாதி முணுமுணுப்பு அடங்கும். அதற்கு வங்கித் தடை எதுவும் இல்லை. நெஃப்ட் ஞாயிறும் ஓடுகிறது.

பூக்காரர், வாழை இலைக்காரர், பால்காரர், கீரை கொண்டுவருபவர் இவர்களை இந்த ஏற்பாட்டுக்குள் இழுப்பதே பிழை. மாலையில் வாங்கும் பணத்தைக் கொண்டு மறுநாள் விடியற்காலை சரக்கு எடுப்பவரை வியாழன்வரை காக்க வைத்தால், அவர் விலையை ஏற்றுவார் அல்லது வருவதை நிறுத்துவார். வருமான வரிச் சட்டம் ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்வரை ரொக்கமாகத் தருவதைச் செலவாக ஏற்கிறது. பிறகு எதற்கு அவரிடம் கேன்சல் செக் கேட்டு நிற்க வேண்டும்?

கேன்சல் செக் என்றதும் ஒரு வேடிக்கை. செக்கை ஒழிக்கும் கடிதம், வங்கி விவரத்துக்கு ஆதாரமாக ஒரு செக் இலையைக் கோடு போட்டு அனுப்பச் சொல்கிறது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தன; அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ்ஸோடு இணைந்தது. பழைய செக் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் கிளைக் குறியீடு இன்று செல்லாததாக இருக்கலாம். அதை வைத்துப் பதிவுசெய்தால் பணம் போகும், பிறகு திரும்பி வரும். அதுகூடப் பரவாயில்லை. திரும்பி வராமல் போவதுதான் ஆபத்து. நெஃப்ட்டில் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணை மட்டும் பார்த்து. பெயரைப் பார்த்து அல்ல. ஒரு இலக்கம் இடம் மாறி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் அவருக்குப் போய்ச் சேரும்.

இலக்கம் மாறுவது மனிதர் கையால் மட்டும் அல்ல. வாரம் ஒருநாள் எழுபது எண்பது பேருக்கு அனுப்பும்போது, நிறுவனங்கள் எக்செல் தாளில் பட்டியல் போட்டு வங்கித் தளத்தில் ஏற்றுகின்றன. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். அந்தக் கட்டத்தை எழுத்துக் கட்டமாக மாற்றாமல் விட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் எண் என்றால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். திரையில் மேலோட்டமாகப் பார்த்தால் தவறு கண்ணில் படாமலும் போகலாம். ஆகவே ஒவ்வொரு புதுக் கணக்குக்கும் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று சப்ளையரிடம் கேட்டுவிட்டு மீதியை அனுப்புவது பழைய, நல்ல பழக்கம். பெறுபவரின் பெயரை அனுப்புமுன் காட்டும் வசதியை நெஃப்ட்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் 2025 ஏப்ரல் 1-க்குள் தரவேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொன்ன பிறகு, இது இன்னும் எளிதாகியிருக்கிறது.

பிழையைவிட மோசடி பெரிது. இப்படி ஒரு கடிதம் எல்லா சப்ளையருக்கும் போகிறது என்பது வெளியே தெரிந்தால், திருடனுக்கு அதுவே அழைப்பு. சப்ளையரின் பெயரில், அதே முகப்புத் தாளில், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் அனுப்பவும்' என்று ஒரு மின்னஞ்சல் வரும். சின்ன ஊர்க் கணக்கர்தான் ஏமாறுவார் என்று நினைக்க வேண்டாம். 2013-க்கும் 2015-க்கும் இடையில் லிதுவேனியாக்காரர் ஒருவர், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரில் போலி பில்களை அனுப்பி கூகுளையும் ஃபேஸ்புக்கையும் 10 கோடி டாலருக்கு மேல் ஏமாற்றினார். 2019-இல் ஐந்தாண்டு சிறைத்தண்டனை பெற்றார். தடுக்கும் வழி மிகச் சாதாரணமானது. கணக்கு மாற்றம் கேட்டு எது வந்தாலும், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அல்ல, பழைய பில்லில் அச்சிட்ட எண்ணுக்குப் போன் செய்து, பழகிய குரலிடம் கேட்பது. இந்த விதியை நிறுவனம் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்: 'போனில் உறுதிசெய்யாமல் எந்தக் கணக்கையும் மாற்ற மாட்டோம்.' சப்ளையருக்கும் அது நிம்மதி. பணம் தப்பான இடத்துக்குப் போய்விட்டு "நாங்க அனுப்பிட்டோமே" என்ற பதில் அவருக்கு வராது. போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும்; ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

மேற்சொன்ன எல்லாவற்றையும்விட அன்றாடம் தலைவலி தருவது, கடிதத்தில் கடைசியாகக்கூட இடம்பெறாத ஒரு சின்ன விஷயம். செக்கோடு ஒரு வவுச்சர் வரும். எந்தெந்த பில்லுக்கு, எவ்வளவு பிடித்தம் என்று அதில் எழுதியிருக்கும். சந்தேகம் இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கேட்டுவிடலாம். ஆன்லைனில் வருவது ஒரு மொத்தத் தொகையும், அதன் பக்கத்தில் யூடிஆர் என்ற குறியீடும்.

அந்த ஆலைக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு வரவேண்டியது மூன்று பில்: 48,600, 61,250, 39,900. மொத்தம் 1,49,750. வியாழன் மாலை வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி 1,47,350 என்கிறது. 2,400 குறைகிறது. முதல் பில்லில் ஒரு மூட்டை ஈரமாக இருந்தது என்று உணவகம் பிடித்திருக்கிறது; அவருக்கு அது தெரியாது. அவருடைய கணக்கர் டேலியில் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழிக்கிறார். முதல் இரண்டும் தீர்ந்தன, மூன்றாவதில் 2,400 பாக்கி நிற்கிறது. உணவகத்தின் லெட்ஜரிலோ மூன்றும் தீர்ந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து பேலன்ஸ் ஒப்பிடும்போது இருவர் கணக்கும் ஒத்துப்போகாது; இதற்குள் ஈர மூட்டையை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். பிடித்தத்துக்கான கிரெடிட் நோட்டும் போட்டிருக்க மாட்டார்கள், ஆகவே ஜிஎஸ்டி கணக்கிலும் அந்தத் தொகை தொங்கும். இதைத் தவிர்க்க வாட்ஸ்அப்பில் மூன்று வரி போதும்: பில் எண்கள், பிடித்தம், அதன் காரணம். இந்த வரிகளைப் பணம் அனுப்பிய அன்றே அனுப்புவோம் என்று வாக்குத் தராத கடிதம், தன் வேலையைக் குறைத்துக்கொண்டு அதைச் சப்ளையர் தலையில் ஏற்றிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செக் கையில் இருந்தால் எந்தக் கணக்கில் போடுவது என்பது சப்ளையரின் விருப்பம். ஆலைக்காரர்கள் பலருக்குக் கடன் கணக்கு ஒரு வங்கியிலும் நடப்புக் கணக்கு இன்னொன்றிலும் இருக்கும். கடன் கணக்கில் விழுந்த பணம் வட்டிக்கும் தவணைக்கும் அடைபட்டுவிடும். நெல் வாங்க மிஞ்சாது. ஒரு கணக்கைப் பதிவுசெய்துவிட்டால் அந்த விருப்பம் போய்விடுகிறது. எந்தக் கணக்கைக் கொடுப்பது என்று யோசிக்க அவருக்கு அவகாசம் வேண்டும். மூன்று நாளுக்குள் விவரம் அனுப்பாவிட்டால் பணம் நிறுத்தப்படும் என்று எழுதுவது முரட்டுத்தனம். பிரிட்டனில் 2018-க்குள் செக்கை அடியோடு ஒழிப்பதாக 2009-இல் வங்கிகளின் அமைப்பு அறிவித்து, எதிர்ப்பு கிளம்பவே 2011-இல் திரும்பப் பெற்றது. ஒன்பதாண்டு அவகாசமே அங்கே போதவில்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், நாள் தெரிந்த பணத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. தேதி போட்ட செக்கை இழுப்பறையில் வைத்திருந்தவர், பணம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அதை வங்கியில் போட்டார். "இன்னும் ஒரு வாரம் பொறுங்க" என்ற பதிலும் கேட்டார். வியாழன் என்று எழுதிக்கொடுத்து, உண்மையாகவே வியாழன் அனுப்பும் நிறுவனம் அந்தச் செக்கைவிட மேல். அதைக் கண்டுபிடிக்கவும் நீண்ட நாள் ஆகாது. முதல் எட்டு வியாழன்களை சப்ளையர் ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும்: பில் போன நாள், முத்திரை வாங்கிய நாள், கெடு, பணம் வந்த நாள். கெடுவுக்கு முன்னால் வந்தது எத்தனை, பின்னால் வந்தது எத்தனை என்பது அதிலேயே தெரியும்.

மாறும் வாரத்தில் ஒரு சங்கடம் நிச்சயம் வரும். ஏற்கெனவே கொடுத்த, அடுத்தடுத்த மாதங்களுக்குத் தேதி போட்ட செக்குகள் சப்ளையர்களின் இழுப்பறையில் இருக்கும். அதே பில்லுக்கு நிறுவனம் ஆன்லைனிலும் அனுப்பிவிட்டால், செக்கும் வங்கிக்குப் போனால், இரண்டு தடவை பணம் போகும். பயந்துபோய் நிறுவனம் எல்லாச் செக்குக்கும் ஸ்டாப் பேமென்ட் கொடுத்தால் அது இன்னும் விபரீதம்; நிறுத்தி வைத்த செக் திரும்பினாலும் 138-ஆம் பிரிவு பாயலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998-இலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சப்ளையருக்கும் போகும் கடிதத்தின் கீழே, அவரிடம் இருக்கும் செக் எண்கள், தேதி, தொகை மூன்றையும் எழுதி, இவை அந்தந்தத் தேதியில் வழக்கம்போலப் பணமாகும், இவற்றுக்குரிய பில்கள் ஆன்லைன் பட்டியலில் வராது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அல்லது பணம் வந்ததைப் பார்த்துவிட்டு, செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்கலாம். அதற்காக மட்டும் அந்த பெஞ்சை இன்னும் இரண்டு மாதம் அங்கேயே வைத்திருக்க வேண்டியிருக்கும்.